சிறிதானாலும் தெளிவாகத் தெரியும் பொருள் சிறுபடம்: படிப்படியான செய்முறை

ஒரு பொருளைப் பற்றிய காணொளியின் முகப்பாகத் தெரியும் சிறுபடத்தை, அதாவது தம்ப்நெயிலை, நாம் 1280×720 பிக்சல் அளவில் வரைகிறோம். பார்ப்பவரோ பெரும்பாலும் அதைக் கட்டைவிரல் அளவில்தான் காண்கிறார். ஆகவே, படம் 160×90 பிக்சலாக, அதாவது அகலமும் உயரமும் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும்போது எது எஞ்சும் என்ற கணக்கிலிருந்தே வேலையைத் தொடங்க வேண்டும். கறுப்பு நிற ஹெட்போன் ஒன்றுக்கு, அதன் பேட்டரி தாங்கும் நேரத்தைச் சொல்லும் ‘30 மணி நேரம்’ என்ற வாசகத்துடன் சிறுபடம் செய்வதை எடுத்துக்கொள்வோம். லேயர் வசதி கொண்ட எந்தப் படத்தொகுப்பு மென்பொருளிலும் இதைச் செய்யலாம்.

படி 1: பின்னணி நிறம்

புதிய கோப்பை 1280×720 அளவில் திறந்து, முழுப் பரப்பையும் ஒரே நிறத்தால் நிரப்புங்கள். பொருள் கறுப்பு என்பதால் `#FFD400` என்ற மஞ்சளை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நிறங்கள் வேறு வேறாக இருந்தால் மட்டும் போதாது. அவற்றின் வெளிச்ச அளவும் வெகுவாக வேறுபட வேண்டும். இந்த மஞ்சளின்மேல் `#111111` என்ற கறுப்பை வைத்தால் ஒளிமாறுபாட்டு விகிதம் ஏறத்தாழ 13:1 வரும். வெள்ளையை வைத்தால் 1.4:1 மட்டுமே. இணையப் பக்கங்களின் சாதாரண எழுத்துக்கே குறைந்தது 4.5:1 வேண்டும் என்று அணுகல்தன்மை நெறிமுறைகள் கேட்கின்றன. எனவே மஞ்சள்மேல் வெள்ளை எழுத்து, திரையில் பெரிதாகப் பார்க்கும்போது அழகாகத் தோன்றினாலும், சுருங்கியதும் கரைந்துவிடும்.

இதைச் சோதிக்கப் படத்தைத் தற்காலிகமாகக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பொருளும் பின்னணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறத்தை மாற்றியே ஆக வேண்டும். சிவப்பையும் பச்சையையும் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் சிக்குகிறார்கள்.

படி 2: கண் முதலில் நிற்கும் இடம்

ஹெட்போனின் படத்தைப் பின்னணி நீக்கித் தனி லேயரில் வையுங்கள். முழுப் பொருளையும் காட்ட வேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் முழு வளைவும் சட்டத்துக்குள் வந்தால், காதுப்பகுதி சிறுபடத்தில் மிகவும் சிறுத்துவிடும். ஆகவே ஒரு காதுப்பகுதியைப் பெரிதாக்கி வலப்பக்கப் பாதியில் நிறுத்தி, தலைப்பட்டையின் மேல்பகுதி சட்டத்தைத் தாண்டி வெட்டுப்பட விடுங்கள். பொருள் எதுவென்று புரிய அந்த அளவு போதும்.

பிறகு, காதுப்பகுதியின் விளிம்பில் மட்டும் மெல்லிய வெளிச்சக் கீற்று ஒன்றைச் சேருங்கள். கறுப்புப் பொருள் தட்டையான நிழலுருவாகத் தோன்றாமல் இருக்க அது உதவும். நட்சத்திரம், அம்புக்குறி, விலைச்சீட்டு ஆகியவற்றைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. ஒவ்வொன்றும் கண்ணைத் தன் பக்கம் இழுக்க, பொருள் பின்னுக்குப் போய்விடும்.

படி 3: எழுத்துப் பகுதி

இடப்பக்கத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு அகலத்தை எழுத்துக்கென்றே காலியாக விடுங்கள். முதல் வரியில் ‘30’, அடுத்த வரியில் ‘மணி’, மூன்றாம் வரியில் ‘நேரம்’. ஓர் எழுத்தின் உயரம் 40 பிக்சல் என்றால் சுருங்கியபின் 5 பிக்சல்தான் மிஞ்சும். அதை யாராலும் வாசிக்க முடியாது. 110 பிக்சல் வைத்தால் ஏறத்தாழ 14 பிக்சல் கிடைக்கும். எண்ணை இதைவிட இரு மடங்கு பெரிதாக வைக்கலாம்.

தமிழ் எழுத்தில் முதலில் மறைவது புள்ளிதான். ‘நேரம்’ என்பதில் ‘ம்’ மேல் உள்ள புள்ளி 8 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால், சுருங்கிய படத்தில் அது ஒரு முழு பிக்சலைக்கூட நிரப்பாது. சொல் ‘நேரம’ என்று தெரியும். மெல்லிய எழுத்துருவைத் தவிர்ப்பதற்கு இதுவே போதுமான காரணம். அதே நேரம், இருப்பதிலேயே மிகத் தடித்ததை எடுத்தால் ‘ணி’யின் சுழிகள் அடைபட்டுக் கறையாகிவிடும். பல எடைகளில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவில், ‘போல்டு’ எடையில் நிறுத்திக்கொள்வது பொருத்தமானது. எழுத்தைச் சுற்றித் தடித்த கோடு இடுவதும் இதே அடைப்பை உண்டாக்கும் என்பதால், கோட்டுக்குப் பதில் பின்னணியையே தெளிவாக வையுங்கள். வரிகளுக்கு நடுவே, எழுத்தின் மேலுள்ள புள்ளியும் சுழியும் முந்தைய வரியோடு மோதாத அளவுக்கு இடைவெளி விடுங்கள்.

கீழ் வலது மூலையில் எழுத்து எதுவும் வேண்டாம். பல காணொளித் தளங்கள் அங்கே கால அளவைப் பதித்துவிடுகின்றன.

படி 4: சுருக்கிப் பார்த்தல்

கோப்பின் நகல் ஒன்றை 160×90 அளவில் சேமித்து, கைபேசியில் அதைப் பெரிதாக்காமல் கை நீட்டிய தொலைவில் வைத்துப் பாருங்கள். ஹெட்போன் என்று உடனே தெரியவில்லையென்றால் படி 2-க்குத் திரும்பிக் காதுப்பகுதியை இன்னும் பெரிதாக்குங்கள். சொல்லை வாசிக்கத் திணறினால், எழுத்தைப் பெரிதாக்கும் முன் சொற்களைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்: இந்தப் படத்தில் ‘நேரம்’ என்பதை நீக்கி ‘30 மணி’ என்று வைத்தாலும் அர்த்தம் மாறாது, மிச்சமாகும் இடத்தில் எழுத்தின் உயரத்தை 150 பிக்சல் வரை கூட்டலாம்.