ஊர் வைரவரடிக்குப் பிள்ளையளோட போறவைக்கு

லீவுக்கு யாழ்ப்பாணம் போறவை நல்லூர், கீரிமலை, நயினாதீவு எண்டு லிஸ்ட் போட்டு வச்சிருப்பினம், தங்கட ஒழுங்கை முடக்கில ஆலமரத்துக்குக் கீழ நிக்கிற வைரவர் கடைசி நாள் பெட்டி கட்டேக்க தான் ஞாபகத்துக்கு வருவார். முதல் கிழமையே போங்கோ. பிள்ளையளுக்கு நீங்க விளங்கப்படுத்த வெளிக்கிடாமல் ஊரில இருக்கிற வயசான ஒராளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. எப்பிடி இருக்கும் எண்டு ஒரு சின்னக் கதையாச் சொல்லுறன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். அப்பு நல்லெண்ணெய்ப் போத்தலோட முன்னால நடக்கிறார், பின்னால கனடாவில இருந்து வந்த பேரப்பிள்ளையள் ரெண்டு பேர், மூத்தவளின்ர கையில வடைமாலை. மரத்தடியில ஒரு சீமெந்துத் திட்டு, அதில எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன சூலம், சிவப்புத் துணி சுத்தி மூண்டு முனையிலயும் தேசிக்காய் குத்தியிருக்கு.

"அப்பு, சாமி எங்க?" எண்டான் சின்னவன்.

"உவர்தான் ராசா. பெரிய கோயில்ல சிலையா நிப்பார், இங்க சூலமா நிக்கிறார். நேற்றுப் பிள்ளையார் கோயில்ல கடைசிப் பூசை ஆருக்கு நடந்தது, கண்டனியளோ?"

"மூலையில, நாயோட நிண்ட சாமிக்கு" எண்டாள் மூத்தவள்.

"ஓம், அவர்தான். எல்லாருக்கும் பூசை முடிஞ்ச பிறகு அவருக்கு. கோயிலைப் பூட்டித் திறப்பை அவரிட்ட ஒப்படைக்கிறது பழைய வழக்கம், விடியுமட்டும் அவற்ர பொறுப்பு. அங்க கோயிலுக்குக் காவல், இங்க ஊருக்குக் காவல்."

"பேயோ அவர்?"

"சீச்சீ, பேயளைக் கிட்ட வர விடாதவர். நான்தான் பெரியவன் எண்டு நிண்ட பிரமாவின்ர அஞ்சாவது தலையைக் கிள்ளினவர், அதுக்காகச் சிவபெருமானிட்ட இருந்து வந்தவர். கோபம் இருக்கு, ஆனா அது களவெடுக்கிறவனுக்கும் பொய்ச் சத்தியம் பண்ணுறவனுக்கும் தான். முந்தி காணிச் சண்டை வந்தா இதில கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணு எண்டுவினம், பொய் சொல்லுறவன் கற்பூரத்துக்குக் கிட்டவும் வரான்."

"ஆடு வெட்டினவையாமே?"

அப்பு மறைக்கேல்ல. "வெட்டினவை, வேள்வி எண்டு சொல்லுறது. எங்கட இடத்தில அது விட்டாச்சு, இப்ப பொங்கலும் வடைமாலையும் தான்."

பூசை முடிய மாலையில ரெண்டு வடையைக் கழட்டி, தூரத்தில படுத்திருந்த நாய்க்கு இலையில வச்சுப்போட்டு வந்தார். "அவற்ர வாகனம்."

கதை அவ்வளவுதான். இனி நீங்க கவனிக்க வேண்டியது. சின்னவன் உடனே நாயைத் தடவப் போவான், விடாதேங்கோ. கடிச்சாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில கால் மணித்தியாலம் கழுவி, அண்டைக்கே அரசாங்க ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, விசர்நாய்க்கடி ஊசி அங்க காசில்லாமல் போடுவினம்.

வடை வீட்டிலயே சுடலாம், பிள்ளையளைக் கோர்க்க விடுங்கோ. உழுந்தைத் தண்ணி கனக்க விடாமல் இறுக்கமா அரைச்சு, மிளகு உப்புப் போட்டு, மெல்லிசாத் தட்டி நடுவில ஓட்டை விட்டு மொறுமொறுப்பாப் பொரிக்க வேணும், மா தண்ணியாப் போனா வடை மெத்தெண்டு வந்து கோர்க்கேக்கயே பிஞ்சு விழும். எத்தினை வடை எண்டது வீட்டுக்கு வீடு வித்தியாசம், அதை அப்புவையே கேளுங்கோ. செவ்வரத்தம்பூவும் நல்லெண்ணெயும் கற்பூரமும் காணும். குடும்பத்தில துடக்கு இருந்தா முடியுமட்டும் பொறுங்கோ, அண்டைக்கு மச்சம் சாப்பிட்டவையும் போறேல்ல.

வலிகாமம் வடக்கில 90இல இடம்பெயர்ந்து, கன வருசத்துக்குப் பிறகு விடுபட்ட காணியில உங்கட வைரவர் நிக்கிறார் எண்டா, பத்தைக்குள்ள நீங்களா இறங்காதேங்கோ. கண்ணிவெடி எடுத்து முடிஞ்சுதோ எண்டு விதானையாரிட்டக் கேட்டு, பழைய கிணத்தையும் மரத்தையும் அடையாளம் தெரிஞ்ச ஒராளோட போங்கோ, புல்டோசர் விட முதல் சூலம் நிண்ட இடத்தைக் கண்டு பிடிக்க வேணும்.

காசு விசயம்தான் எனக்கு மனசில கிடந்து குத்திற விசயம். வெளிநாட்டுக் காசில மரத்தைத் தறிச்சு, கொங்கிறீட்டில கோயில் கட்டி, சிலை வச்சுக் கும்பாபிசேகம் செய்யிறது இப்ப எல்லா இடமும் நடக்குது. சூலத்துக்கு அப்புவோ பக்கத்து வீட்டு அக்காவோ விளக்கு வச்சாக் காணும். சிலையைப் பிரதிட்டை பண்ணினா ஒவ்வொரு நாளும் பூசை செய்ய ஐயர் வேணும், அவருக்குச் சம்பளம் வேணும், 12 வருசத்துக்கு ஒருக்கா திரும்பக் கும்பாபிசேகம் வேணும், நீங்க பிளேன் ஏறின பிறகு அதை ஆர் பாக்கிறது? உதவ விரும்பினா முதல்ல விளக்கு வைக்கிற ஆளோட கதையுங்கோ, ஒரு வருசத்து எண்ணெய்க் காசு, மரத்தைச் சுத்தி ஒரு கட்டு, ராவில ஒரு லைட், அவை கேக்கிறது அநேகமா அவ்வளவுதான்.