ஈயம் எத்தனை மில்லிமீட்டர் போதும்?

பினாங்கின் பிறை பக்கம் குழாய் வெல்டிங்கை இரிடியம்-192 வைத்துப் படமெடுக்கும் வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு ஒரு குறிப்பு. கதிர்வீச்சைச் சரிபாதியாக்கும் தடிமனை அரைமதிப்புத் தடிமன் என்கிறோம். இரிடியத்துக்கு ஈயத்தில் அது சுமார் 4.8 மி.மீ.

ஓரிடத்தில் மீட்டர் மணிக்கு 200 மைக்ரோசீவெர்ட் காட்டுகிறது, அதை 10-க்கு இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இருபதில் ஒரு பங்கு. சரி, கால்குலேட்டரில் இதைத் தட்டுங்கள்:

`log(20) ÷ log(2) = 4.32`

4.32-ஐ 4.8-ஆல் பெருக்கினால் 20.7 மி.மீ. கால்குலேட்டர் இல்லையா? 200, 100, 50, 25, 12.5, 6.25 என்று பாதியாக்கிக்கொண்டே போங்கள். ஐந்தாவது அடுக்கில் 10-க்குக் கீழே வந்துவிடும், அதாவது 24 மி.மீ. நான் இதையே எடுப்பேன். ஏனென்றால் 4.8 என்பது தோராயமான அளவு. அகன்ற கற்றையில் ஈயத்துக்குள் சிதறிய கதிரும் இந்தப் பக்கம் வந்து சேரும், கணக்கைவிட மீட்டர் கூடுதலாகக் காட்டக்கூடும். அதனால் தகட்டை வைத்த அப்புறமும் அதே இடத்தில் அளந்து பாருங்கள்.

எக்ஸ்ரே குழாய்க்கு இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. மென்கதிர்கள் முதலில் வடிகட்டப்பட்டுவிடுவதால், இரண்டாவது பாதிக்கு முதலாவதைவிடத் தடித்த தகடு வேண்டும்.