சாகும் நட்சத்திரத்தைத் தாங்கிப் பிடிப்பது எது? ஒரே தாளில் போட்டுப் பார்க்கும் கணக்கு

இரவு வானத்திலேயே மிகப் பிரகாசமாகத் தெரியும் நட்சத்திரம் சிரியஸ். அதற்கு ஒரு மங்கலான துணை உண்டு, பெயர் சிரியஸ் பி. 1862-இல் தொலைநோக்கியில் முதன்முதலாகப் பார்த்தார்கள். அதன் நிறை ஏறக்குறைய நம் சூரியனின் நிறை. ஆனால் அதன் ஆரம் சுமார் 5,850 கி.மீ., அதாவது பூமியைவிடக் கொஞ்சம் சின்னது. எரிபொருள் எப்போதோ தீர்ந்துவிட்டது, உள்ளே அணுக்கரு இணைவு நடப்பதில்லை. இப்படி எரிந்து முடிந்து சுருங்கிய நட்சத்திரத்தை வெண்குறுமீன் என்கிறோம்.

சூரியன் தன் எடையைத் தாங்கிக்கொள்வது உள்ளே இருக்கும் வெப்பத்தால். இங்கே அடுப்பு அணைந்துவிட்டது. அப்படியிருந்தும் இந்த உருண்டை ஏன் மேலும் மேலும் நசுங்கிப் போகவில்லை? இதற்கு விடை டீஜெனரசி அழுத்தம். அதைச் சொல்லித் தருவதைவிடக் கணக்குப் போட்டே கண்டுபிடிப்பது நல்லது. பள்ளி இயற்பியல் போதும், ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2.0e30 என்று எழுதினால் 2.0 × 10³⁰ என்று பொருள். தேவையான எண்கள் இவ்வளவுதான் (கி.கி., மீட்டர், நொடி அலகுகளில்):

```
M   = 2.0e30     (நட்சத்திரத்தின் நிறை)
R   = 5.85e6     (ஆரம்)
G   = 6.67e-11   (ஈர்ப்பு மாறிலி)
ħ   = 1.05e-34   (பிளாங்க் மாறிலி / 2π)
m_e = 9.11e-31   (எலக்ட்ரான் நிறை)
m_p = 1.67e-27   (புரோட்டான் நிறை)
c   = 3.0e8      (ஒளியின் வேகம்)
```

படி 1: உள்ளே எவ்வளவு நெரிசல்?

நிறையைக் கனஅளவால் வகுத்தால் சராசரி அடர்த்தி வரும். ஒரு கன மீட்டருக்கு 2.4e9 கி.கி., அதாவது ஒரு கன சென்டிமீட்டரில் இரண்டரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு.

நமக்கு வேண்டியது எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. இந்த நட்சத்திரம் பெரும்பாலும் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்தது. கார்பன் அணுக்கருவில் 12 துகள்கள், அதற்கு 6 எலக்ட்ரான்கள். ஆக்சிஜனில் 16-க்கு 8. ஆகவே, இரண்டு அணுக்கருத் துகள்களுக்கு ஒரு எலக்ட்ரான்.

```
n = 2.4e9 / (2 × 1.67e-27) = 7.2e35   (ஒரு கன மீட்டரில்)
d = n^(-1/3) = 1.1e-12 மீ
```

இந்த `d` தான் ஒரு எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் பெட்டியின் பக்க நீளம். சாதாரண ஹைட்ரஜன் அணுவின் ஆரமே 5.3e-11 மீட்டர், இந்தப் பெட்டியைப்போல ஐம்பது மடங்கு. அணு என்ற அமைப்பே இங்கே இருக்க முடியாது. எலக்ட்ரான்கள் எல்லாம் கழன்று, நட்சத்திரம் முழுவதற்கும் பொதுவான ஒரு வாயுவாகத் திரிகின்றன.

படி 2: தவிர்க்கைத் தத்துவம் என்ன செய்கிறது?

இந்தப் படியை அவசரப்படாமல் படியுங்கள், மீதி எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

1925-இல் பௌலி சொன்ன தவிர்க்கைத் தத்துவம்: இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே குவாண்டம் நிலையில் இருக்க முடியாது. தற்சுழற்சி மேல், கீழ் என இரண்டு விதம் என்பதால், ஒரு அலைவடிவத்தில் அதிகபட்சம் இரண்டு எலக்ட்ரான்கள்.

முதலில் ஒரு பரிமாணத்தில் பார்ப்போம். `L` நீளமுள்ள ஒரு குழாயில் 10 எலக்ட்ரான்களை அடைக்கிறோம். எலக்ட்ரான் ஒரு அலை. குழாய்க்குள் ஒரு அரை அலை பொருந்தலாம், இரண்டு, மூன்று என்று பொருந்தலாம். அரை அலைகள் கூடக்கூட அலைநீளம் குறையும், உந்தம் கூடும். தவிர்க்கைத் தத்துவம் இல்லையென்றால் பத்தும் முதல் நிலையிலேயே சோம்பேறித்தனமாக உட்கார்ந்திருக்கும். தத்துவம் இருப்பதால் முதல் நிலையில் இரண்டு, அடுத்ததில் இரண்டு என்று நிரம்பிக்கொண்டே போய், கடைசி ஜோடி ஐந்தாவது நிலையில் போய் நிற்கிறது. அங்கே அலைநீளம் `2L/5`. ஒரு எலக்ட்ரானின் பங்கு `d = L/10` என்பதால், இந்த அலைநீளம் `4d`.

10-க்குப் பதில் 1000 எலக்ட்ரான்களைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் கடைசி அலைநீளம் `4d` தான். குழாயின் மொத்த நீளம் கணக்கிலிருந்தே போய்விட்டது. ஒவ்வொரு எலக்ட்ரானும் தன் பங்கான சின்னப் பெட்டிக்குள் தனியாக அடைபட்டதுபோல நடந்துகொள்கிறது. இங்கே எந்த விசையும் தள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். மின் விலக்கத்தால் வரும் அழுத்தம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள், அது சரியல்ல. மின்சுமையே இல்லாத நியூட்ரானுக்கும் இதே கணக்கு வரும். கீழ் நிலைகளில் இடம் இல்லை, அதனால் மேலே நிற்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

முப்பரிமாணத்தில் இதே எண்ணிக்கையைச் செய்தால், மேல் விளிம்பில் இருக்கும் எலக்ட்ரானின் உந்தம்:

```
p = 3.1 × ħ / d = 3.0e-22
```

அந்த 3.1 என்பது `3π²`-இன் கனமூலம். தத்துவம் இல்லாத உலகில் இது ஏறக்குறைய `ħ/R`, அதாவது கிட்டத்தட்ட 2e-41 ஆக இருந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே 19 சுழியங்கள்.

படி 3: உந்தத்திலிருந்து அழுத்தம்

வாயுவின் அழுத்தம் என்பது துகள்கள் சுவரில் மோதித் தரும் உந்தம்: `n × p × v`-இல் மூன்றில் ஒரு பங்கு. எல்லா எலக்ட்ரானும் மேல் விளிம்பில் இல்லை, உந்த வர்க்கத்தின் சராசரி உச்சத்தில் ஐந்தில் மூன்று. இரண்டையும் பெருக்கினால் ஐந்தில் ஒன்று:

```
P = n p² / (5 m_e) = 1.4e22 பாஸ்கல்
```

வகுத்தியில் நிறை இருப்பதைப் பாருங்கள். நெரிசல் அதே அளவாக இருந்தால் புரோட்டானின் பங்கு 1836-இல் ஒன்று மட்டுமே. எடையைத் தருவது அணுக்கரு, தாங்குவது எலக்ட்ரான்.

இந்த வாய்பாட்டில் வெப்பநிலை எங்கேயும் இல்லை. உள்ளே 1 கோடி கெல்வின் சூடு என்று வைத்துக்கொண்டாலும், அந்த வெப்பம் ஒரு துகளுக்குத் தரும் ஆற்றல் 2e-16 ஜூல். விளிம்பு எலக்ட்ரானிடம் ஏற்கெனவே இருப்பது அதைப்போல நூறு மடங்குக்கு மேல். அதனால் நட்சத்திரம் ஆறிப்போனாலும் தாங்கும் அழுத்தம் குறையாது.

படி 4: ஈர்ப்பு கேட்பது எவ்வளவு?

அடர்த்தி எங்கும் சீராக இருப்பதாகக் கொண்டால், தன் ஈர்ப்பைத் தாங்க ஒரு உருண்டைக்குத் தேவையான சராசரி அழுத்தம்:

```
P = 0.048 × G M² / R⁴ = 1.1e22 பாஸ்கல்
```

தேவை 1.1, கிடைப்பது 1.4. இவ்வளவு முரட்டுத்தனமான கணக்குக்கு இது நல்ல பொருத்தம்.

எண்கள் பொருந்தினால் மட்டும் போதாது, அசைத்துப் பார்க்க வேண்டும். நிறையை மாற்றாமல் ஆரத்தை 10 சதவீதம் குறைத்துப் பாருங்கள். `n` என்பது `1/R³`, `p` என்பது `1/R`, ஆகவே எலக்ட்ரான் அழுத்தம் `1/R⁵` ஆக ஏறும், 1.69 மடங்கு. ஈர்ப்பின் தேவை `1/R⁴`, 1.52 மடங்கு. நசுக்கினால் எலக்ட்ரான் பக்கம் ஜெயிக்கிறது, நட்சத்திரம் திரும்ப விரிகிறது. விரித்தால் ஈர்ப்பு ஜெயிக்கும். சமநிலை உறுதியானது.

இரண்டையும் சமன் செய்து `R`-ஐத் தனியே எடுத்தால் அது நிறையின் கனமூலத்துக்கு எதிர்விகிதத்தில் வரும். நிறையைக் கூட்டினால் நட்சத்திரம் சின்னதாகிறது! அப்படியே கூட்டிக்கொண்டே போனால்?

படி 5: கணக்கில் ஒரு விரிசல்

படி 2-இல் கிடைத்த உந்தத்தை நிறையால் வகுத்து வேகத்தைப் பாருங்கள்:

```
v = 3.0e-22 / 9.11e-31 = 3.3e8
```

ஒளியைவிட வேகம். இப்படி ஒரு எண் வந்தால் `p = m v` என்று போட்டது தவறு என்று அர்த்தம். சார்பியலோடு திருத்தினால் விளிம்பு எலக்ட்ரானின் வேகம் ஒளியில் சுமார் முக்கால் பங்கு. அழுத்தமும் 1.4e22-இலிருந்து ஏறத்தாழ 1.0e22-க்கு இறங்குகிறது. தேவையோடு இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது.

இயற்பியலாளர் ஃபௌலர் 1926-இல் வெண்குறுமீன்களுக்கு இந்த விளக்கத்தைத் தந்தபோது சார்பியலைச் சேர்க்கவில்லை. 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த 19 வயது சந்திரசேகர் அதைச் சேர்த்துப் பார்த்தார். நாமும் பார்ப்போம். நிறை மிக அதிகமானால் எல்லா எலக்ட்ரானும் ஏறக்குறைய `c` வேகத்தில் போகும், உந்தம் ஏறினாலும் வேகம் ஏறாது. அப்போது:

```
P = n p c / 4
```

இப்போது ஆரத்தோடு எப்படி மாறுகிறது? `n`-இலிருந்து `1/R³`, `p`-இலிருந்து `1/R`. மொத்தம் `1/R⁴`. ஈர்ப்பின் தேவையும் `1/R⁴`. 10 சதவீதம் நசுக்கினால் இரண்டும் 1.52 மடங்குதான். திருப்பித் தள்ள மிச்சம் எதுவும் இல்லை. சமன்பாட்டில் இரண்டு பக்கமும் `R` அடிபட்டுப் போக, நிறை மட்டும் தங்குகிறது:

```
M = 3.7 × (ħc/G)^(3/2) / (2 m_p)² = 3.4e30 கி.கி.
```

சூரியனைப்போல 1.7 மடங்கு. உண்மையில் மையத்தை நோக்கி அடர்த்தி ஏறுகிறது, அதையும் சேர்த்து முழுமையாகக் கணக்கிட்டால் 1.4 மடங்கு வரும். இதுதான் சந்திரசேகர் எல்லை. இதற்கு மேல் எந்த ஆரத்திலும் சமநிலை கிடையாது. இந்த எல்லைக்கான வாய்பாட்டில் எலக்ட்ரான் நிறைக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒளிவேகத்தை நெருங்கிய பிறகு எந்தத் துகள் தாங்குகிறது என்பது இந்த எல்லையைப் பாதிப்பதில்லை, ஒரு தாங்கும் துகளுக்கு எவ்வளவு எடை என்பது மட்டுமே பாதிக்கிறது.

நீங்களே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

ஒரு பெரிய நட்சத்திரத்தின் மையம் இந்த எல்லையைத் தாண்டிச் சரிகிறது. எலக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் புகுந்து நியூட்ரான்களாகின்றன. இப்போது தாங்குவது நியூட்ரான். படி 4-இன் ஆரம் தாங்கும் துகளின் நிறைக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால் 5,850-ஐ 1836-ஆல் வகுங்கள், 3.2 கி.மீ. அடுத்தது, முன்பு இரண்டு துகள்களுக்கு ஒன்றுதான் தாங்கியது, இப்போது ஒவ்வொன்றும் தாங்குகிறது. அதற்காக 2-இன் 5/3 அடுக்கு, அதாவது 3.2-ஆல் பெருக்குங்கள். சுமார் 10 கி.மீ. வருகிறது. அணுக்கரு விசையை நாம் சேர்க்கவே இல்லை, அங்கே அதன் பங்கு பெரிது. இருந்தும், அளந்து பார்த்த நியூட்ரான் நட்சத்திரங்களின் ஆரம் 11 முதல் 13 கி.மீ. வரை வருகிறது.