பேக்கரி நஷ்டத்தை வரியில் கழித்தது எப்படி: ITR-3 படிப்படியாக

2023-24இல் என் பெயரில் மதுரையில் ஒரு சின்ன பேக்கரி ஆரம்பித்தோம். நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததால் கடையை அம்மாதான் பார்த்துக்கொண்டார். முதல் வருடம் நஷ்டம். அதை ரிட்டர்னில் எப்படிக் காட்டுவது என்று தேடியபோது துண்டு துண்டாகத்தான் பதில் கிடைத்தது. நான் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன். வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைவது, AIS பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் நஷ்டத்தை இரண்டாகப் பிரியுங்கள்

எங்கள் விற்பனை 11,20,000 ரூபாய். மாவு, வெண்ணெய், வாடகை, கரண்ட், சம்பளம் எல்லாம் சேர்த்துச் செலவு 14,10,000. ஆக நஷ்டம் 2,90,000. இதுபோக ஓவன், ஃப்ரிட்ஜ் இரண்டுக்கும் சேர்த்து நான்கு லட்சம் போட்டிருந்தோம். அதற்கு 15 சதவீதத் தேய்மானம் 60,000.

மொத்தம் 3,50,000 என்று ஒரே தொகையாக நினைத்துவிடாதீர்கள். 2,90,000 தொழில் நஷ்டம், 60,000 ஈடுகட்டப்படாத தேய்மானம். இரண்டுக்கும் விதி வேறு. ஏன் பிரிக்கச் சொல்கிறேன் என்பது நான்காவது படியில் புரியும்.

2. அதே வருட வருமானத்தில் கழிப்பது

எனக்குக் கடை தவிர மூன்று வருமானம். சம்பளம் 6,00,000. மாடி வீட்டு வாடகை மாதம் 10,000. வருடத்துக்கு 1,20,000இல் 30 சதவீதக் கழிவு போக 84,000. வங்கி டெபாசிட் வட்டி 46,000.

தொழில் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 71(2A) பிரிவு அதைத் தடுக்கிறது. வாடகையிலும் வட்டியிலும் கழிக்கலாம். அவை இரண்டும் சேர்ந்து 1,30,000. அது முழுக்க நஷ்டத்தில் அடங்கிவிட்டது. சம்பளத்துக்கு மட்டும் வரி கட்டினேன். மீதித் தொழில் நஷ்டம் 1,60,000, அப்புறம் தேய்மானம் 60,000. இவை அடுத்த வருடங்களுக்குப் போகும்.

படிவம் ITR-3தான். எடுத்துச்செல்ல வேண்டிய நஷ்டம் இருந்தால் ITR-4 ஆகாது. தளத்திலேயே நிரப்புவதைவிட, தரவிறக்கிப் பயன்படுத்தும் ஆஃப்லைன் யூட்டிலிட்டிதான் என் தேர்வு. பாதியில் நின்றாலும் ஒன்றும் போகாது, ஒவ்வொரு அட்டவணையையும் நிதானமாகச் சரிபார்க்கலாம். Schedule BP நிரம்பியதும் Schedule CYLA திறந்து, நஷ்டம் வாடகை, வட்டி இரண்டின் நேராகக் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். Schedule CFL-இல் 1,60,000, Schedule UD-இல் 60,000 இருக்க வேண்டும். CFL-இல் 2,20,000 என்று நின்றால் தேய்மானம் பிரியவில்லை என்று அர்த்தம். Schedule BP-க்குத் திரும்பிப் போய்ச் சரிசெய்யுங்கள்.

3. கெடு தேதி, வெரிஃபை: நான் மாட்டிய இடம்

நஷ்டத்தை எடுத்துச்செல்ல வேண்டுமென்றால் ரிட்டர்ன் கெடு தேதிக்குள் போயிருக்க வேண்டும் (பிரிவு 80). தணிக்கை தேவைப்படாத எங்களுக்கு 2024 ஜூலை 31 கெடு. தாமதமாகப் போட்டால் அதே வருடத்தில் கழித்தது நிற்கும், மீதித் தொழில் நஷ்டம் போய்விடும்.

ஜூலை 26ஆம் தேதியே பதிவேற்றிவிட்டேன். ஐந்து நாள் முன்கூட்டியே முடித்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் பதிவேற்றினால் மட்டும் ரிட்டர்ன் செல்லாது, வெரிஃபை செய்ய வேண்டும். ஆதார் OTP வரவே இல்லை. ஆதாரில் இருந்தது எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர். 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டதில் ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வந்துவிட்டது.

பதிவேற்றிய 30 நாளுக்குள் வெரிஃபை செய்தால், பதிவேற்றிய தேதியே தாக்கல் தேதி. 30 நாள் தாண்டினால் வெரிஃபை செய்த தேதிதான் தாக்கல் தேதி. அதாவது 31ஆம் நாள் செய்திருந்தால் என் ரிட்டர்ன் ஆகஸ்ட் 26இல் போட்டதாகிவிடும். கெடு தாண்டிய ரிட்டர்ன். 1,60,000 ரூபாய் நஷ்டம் அதோடு போயிருக்கும். அபராதம், வட்டி வேறு.

இது தெரிந்தது ஆகஸ்ட் 22 இரவு, 27ஆம் நாள். ஆதார் நம்பரை மாற்ற நேரமில்லை. வங்கிக் கணக்கை ஏற்கெனவே தளத்தில் சரிபார்த்து வைத்திருந்ததால், வங்கிக் கணக்கு வழி EVC எண் வரவழைத்து முடித்தேன். அதனால் சொல்கிறேன்: ரிட்டர்னைத் தொடுவதற்கு முன்பே My Profile-இல் போய், வங்கிக் கணக்கு EVC-க்குத் தயாராக இருக்கிறதா, ஆதார் நம்பர் கையில் இருக்கும் நம்பர்தானா என்று பாருங்கள். பதிவேற்றிய அன்றே வெரிஃபை செய்துவிடுங்கள்.

பிறகு 143(1) அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். பலர் ரீஃபண்ட் தொகையை மட்டும் பார்த்து மூடிவிடுகிறார்கள். நாம் போட்டதும் துறை கணக்கிட்டதும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் இருக்கும். எடுத்துச்செல்லும் நஷ்டம் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் நமக்கு முக்கியம்.

4. அடுத்த வருடம்

2024-25இல் கடை தலைநிமிர்ந்தது. அந்த வருடத் தேய்மானம் 51,000 போக லாபம் 90,000. பழைய நஷ்டம் 1,60,000இல் 90,000 இங்கே கழிந்தது, மீதி 70,000. இந்த 70,000ஐ இனி வாடகையிலோ வட்டியிலோ கழிக்க முடியாது. எடுத்துவந்த தொழில் நஷ்டம் தொழில் லாபத்தில் மட்டுமே கழியும், அதுவும் எட்டு மதிப்பீட்டு ஆண்டுகள் வரைதான். என்னுடையதற்குக் கடைசி ஆண்டு 2032-33.

தேய்மானத்துக்கு அந்தக் கட்டு இல்லை. 60,000ஐ வாடகை 84,000இல் கழித்தேன், 24,000க்கு மட்டும் வரி. அதற்கு ஆண்டு வரம்பும் கிடையாது. ஒன்றாகக் கலந்து CFL-இல் போட்டிருந்தால் இந்த 60,000மும் அடுத்த லாபத்துக்காகக் காத்துக்கிடந்திருக்கும்.

CFL-இல் பழைய வருட வரிசைக்கு நேராகத் தாக்கல் தேதி கேட்கும். முதலில் போட்ட ரிட்டர்னின் தேதியைத்தான் தர வேண்டும், திருத்திய ரிட்டர்னின் தேதியை அல்ல. திருத்தியது கெடுவுக்குப் பின் போனது என்றால், அந்தத் தேதி நஷ்டத்தையே தட்டிவிடும்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

ஒருவர் கடையை மூடிவிட்டதாகவும் நஷ்டம் போய்விட்டதா என்றும் கேட்டிருந்தார். போகவில்லை. அதே தொழில் தொடர வேண்டியதில்லை, அவர் வேறு தொழில் தொடங்கினால் அந்த லாபத்தில் கழிக்கலாம். வேலைக்குப் போனால் சம்பளத்தில் கழியாது. இன்னொருவர் கடையை மனைவி பெயருக்கு மாற்றப் போகிறாராம். நஷ்டம் கேட்டவரோடுதான் நிற்கும், கடையோடு போகாது.

பங்குச்சந்தையில் அன்றன்றே வாங்கி விற்று நஷ்டப்பட்டவர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். அது ஊக வணிக நஷ்டம். ஊக லாபத்தில் மட்டுமே கழியும், நான்கு ஆண்டுகள்தான். எதிர்கால, விருப்ப ஒப்பந்த நஷ்டம் அப்படியல்ல, அது கடை நஷ்டம் போலத்தான்.

முந்தைய வருடங்களில் 44AD-இல் உத்தேச லாபம் காட்டியவர்கள் இந்த வருடம் நஷ்டம் காட்டினால் தணிக்கை தேவைப்படலாம். உங்கள் ஆடிட்டரிடம் அதை மட்டுமாவது கேட்டுவிட்டுப் போடுங்கள்.