பிறந்தநாள் பொருத்தக் கணக்கு: நிரப்பு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குங்கள்

வினாத்தாளைப் படமெடுத்து அனுப்பும்போது ஓரம் வெட்டுப்பட்டு, “குறைந்தது இருவருக்கு” என்பதில் “குறைந்தது” மறைந்துவிடக்கூடும். அந்தச் சொல் இருந்தால், கேட்டது நடக்காத நிலையான நிரப்பு நிகழ்ச்சியே எளிய வழி என்பதால், முதலில் அதைச் சரிபாருங்கள்.

23 மாணவர் உள்ள வகுப்பில் குறைந்தது இருவர் ஒரே நாளில் பிறந்திருப்பதற்கான நிகழ்தகவைக் காண்போம். இருவர், மூவர், இரண்டு இணைகள் என்று பொருத்தங்களை நேரடியாக எண்ணினால் கணக்கு முடிவின்றி நீளும். எவருக்கும் பொருந்தாத நிலையோ ஒன்றே ஒன்றுதான். முதல் மாணவருக்கு 365 நாட்களும் திறந்திருக்க, அடுத்தவருக்கு 364, அதற்கடுத்தவருக்கு 363 எனக் குறைந்து, 23ஆம் மாணவருக்கு 343 நாட்கள் எஞ்சுகின்றன.

P = 1 − (365 × 364 × … × 343) / 365^23

கழிக்கப்படும் பின்னம் ஏறத்தாழ 0.493, ஆகவே விடை 0.507, அதாவது பாதிக்குச் சற்று மேல். மேலே 23 எண்கள் உள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள், ஏனெனில் பலர் 342 வரை சென்றுவிடுகிறார்கள்.

23 பேரில் அமையும் 253 இணைகளை 365ஆல் வகுத்து 0.693 என எழுதுவது தவறு. ஒன்றுக்கு மேற்பட்ட இணைகள் பொருந்தும் நிலைகள் அதில் மீண்டும் மீண்டும் எண்ணப்படுகின்றன. “உங்கள் பிறந்தநாளோடு மற்ற 22 பேரில் எவருக்கேனும் பொருந்துமா” என்பது வேறு வினா. அதன் விடை 1 − (364/365)^22, ஏறத்தாழ 0.059 மட்டுமே.