நடுச்சாமத்தில் கட்டுநாயக்கவில் இறங்கினால் முதல் நாள் எது?

நல்லூர்த் திருவிழா கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை 25 நாட்கள். இலங்கைக்குச் சுற்றுலா ஈடிஏ என்கிற இணையவழிப் பயண அனுமதி எடுத்துப் போனால் முதலில் கிடைப்பது 30 நாட்கள். இடையில் மிஞ்சுவது ஐந்தே நாட்கள் என்பதால், திருவிழா முழுக்க நிற்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு நாள் இப்படியோ அப்படியோ போவது பெரிய விஷயம். அந்த ஒரு நாள் பெரும்பாலும் தொலைகிற இடம் கட்டுநாயக்க விமான நிலையம், தொலைகிற நேரம் நடுச்சாமம்.

நாடு தருகிற நாட்களுக்கு மணிக்கணக்கு கிடையாது. இரவு 11.50க்கு நாட்டுக்குள் வந்தாலும் அந்தத் திகதி ஒரு முழு நாளாகவே கணக்கில் போகும். பத்து நிமிடத்துக்கு ஒரு நாளைக் கொடுத்துவிடுகிறோம். 12.10க்கு வந்தால் அந்த நாள் முழுவதும் நம் கையில் இருக்கிறது. ஆகவே நள்ளிரவு தாண்டி இறங்குவது, தூக்கத்துக்குக் கேடு என்றாலும், விசாக் கணக்கில் நல்ல நேரம்தான்.

எண்ணும்போது வந்த நாளையே முதல் நாளாக வையுங்கள். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஊரிலிருந்து அம்மாவை ஷெங்கன் விசாவில் கூப்பிட்டவர்களுக்குத் தெரியும், அங்கே உள்ளே வந்த நாளும் வெளியே போன நாளும் இரண்டுமே எண்ணிக்கையில் சேரும் என்று சட்டமே சொல்கிறது. இலங்கைக்கும் அதே மாதிரி இறுக்கமாக எண்ணிவிட்டால், கவுண்டரில் இருப்பவர் எந்த முறையில் எண்ணினாலும் நீங்கள் பிழைபட மாட்டீர்கள். 'மறுநாளிலிருந்துதான் எண்ணுவார்களாம்' என்று யாரோ சொன்னதை நம்பி டிக்கெட் போட்டால், அந்தச் சொல்லுக்குச் சாட்சி சொல்ல விமான நிலையத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். கடவுச்சீட்டில் இன்ன திகதி வரை என்று தெளிவாகக் குறித்துத் தந்திருந்தால் பேச்சே இல்லை, அதுதான் கணக்கு.

2025ஆம் ஆண்டுத் திருவிழாவை வைத்துப் பார்ப்போம். கொடியேற்றம் ஜூலை 29, தேர் ஓகஸ்ட் 21, தீர்த்தம் ஓகஸ்ட் 22. லண்டனிலிருந்து ஒருவர் ஜூலை 23, புதன் காலை ஏறி, வளைகுடாவில் விமானம் மாறி, ஜூலை 24 வியாழன் அதிகாலை 12.25க்குக் கட்டுநாயக்கவில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஜூலை 24. முப்பதாவது நாளைக் கண்டுபிடிக்க 30 அல்ல, 29ஐக் கூட்ட வேண்டும், ஏனென்றால் ஒரு நாளை ஏற்கெனவே எண்ணிவிட்டோம். 24உடன் 29 சேர்த்தால் 53. ஜூலைக்கு 31ஐக் கழித்தால் ஓகஸ்ட் 22. சரியாகத் தீர்த்தத் திருவிழா அன்று.

அதே விமானம் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, கடவுச்சீட்டு முத்திரையில் ஜூலை 23 விழுந்திருந்தால்? முப்பதாவது நாள் ஓகஸ்ட் 21. தேர் பார்க்கலாம், தீர்த்தம் 31ஆவது நாளாகிவிடும்.

கணினியில் எண்ணுகிறவர்கள் வந்த திகதியை A1 கட்டத்தில் போட்டு இப்படி எழுதினால் கடைசி நாள் வந்துவிடும்:

```
=A1+29
```

தொலைபேசியில் 'இரண்டு திகதிகளுக்கு இடையில் எத்தனை நாள்' என்று காட்டும் செயலிகளைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். ஜூலை 24க்கும் ஓகஸ்ட் 22க்கும் இடையில் 29 என்றுதான் பெரும்பாலும் காட்டும். இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு டிக்கெட்டைத் தள்ளிப் போட்டவர்கள் உண்டு. அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டினால்தான் தங்கிய நாட்கள். இன்னொரு பிழை 'ஒரு மாத விசா' என்று சொல்லிப் பழகியதால் வருவது. ஜூலை 24லிருந்து ஓகஸ்ட் 24 வரை என்றால், இரு முனையையும் சேர்த்து 32 நாட்கள்.

சரி, இப்போது அந்த நடுச்சாமத்துக்கே வருவோம். எந்த நேரம் கணக்கு? சக்கரம் ஓடுபாதையைத் தொட்ட நேரமா, கதவு திறந்த நேரமா, வரிசையில் போய் நின்ற நேரமா? நடைமுறையில் உங்களுக்குக் காட்டக் கையில் இருப்பது கடவுச்சீட்டில் விழும் முத்திரை மட்டும்தான். அது விழுவது குடிவரவுக் கவுண்டரில். 11.35க்கு இறங்கிய விமானத்தில் முன்வரிசையில் இருந்தவருக்கு ஒரு திகதியும், பின்னால் இருந்து மெதுவாக இறங்கி வந்தவருக்கு மறுநாள் திகதியும் விழ இடமுண்டு.

என் மச்சான் குடும்பத்துக்கு இதுதான் நடந்தது. வரிசை நீளம் என்று மச்சான் மூத்த மகளோடு ஒரு பக்கம் நின்றார், அக்கா சின்னவனோடு வேறு பக்கம். மச்சானுக்கு வேலை முடிந்தபோது 12 ஆகச் சில நிமிடங்கள் இருந்தன. அக்காவின் வரிசையில் முன்னால் நின்ற ஒருவரின் கடதாசியில் ஏதோ சிக்கல், அது தீர்ந்து அக்காவின் முறை வரும்போது 12.15. ஒரே விமானம், ஒரே ஈடிஏ நாட்கள், ஆனால் இரண்டு பேருக்கு ஒரு திகதி, இரண்டு பேருக்கு வேறு திகதி. அதை அவர்கள் கவனித்ததே மூன்று கிழமை கழித்து, சாவகச்சேரியில் ஒரு மத்தியானம் கடவுச்சீட்டுகளை அடுக்கி வைக்கும்போதுதான். "எல்லாருக்கும் ஒண்டுதானே எண்டு நான் என்ரையை மட்டும்தான் பார்த்தனான்" என்றார் அக்கா. நல்லவேளை, திரும்பும் டிக்கெட்டில் இரண்டு நாள் இடைவெளி இருந்தது. குடும்பமாகப் போனால் எல்லாருடைய முத்திரையையும் பாருங்கள், யாருக்கு முந்திய திகதியோ அதுதான் முழுக் குடும்பத்துக்கும் கெடு.

இன்னொரு சங்கடம் முத்திரையிலேயே இருக்கிறது. திகதியைக் கையால் திருப்பி மாற்றுகிற முத்திரை அது. 12 மணி தாண்டியதும் அதிகாரி அதைத் திருப்ப மறந்தால், 24ஆம் திகதி வந்த உங்களுக்கு 23 என்று விழும். கணினியில் ஒரு திகதி, தாளில் வேறு திகதி. இது களவில்லை, களைப்பு. கவுண்டரை விட்டு நகருமுன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை. நேற்றையத் திகதி விழுந்திருந்தால், சுவரில் இருக்கிற மணிக்கூட்டைக் காட்டிப் பணிவாகச் சொன்னால் அங்கேயே திருத்திவிடலாம். வெளியே பெட்டி எடுத்து, வான் வண்டியில் ஏறி, கிளிநொச்சி தாண்டிய பிறகு பார்த்தால் ஒன்றும் செய்ய இயலாது. அப்படி ஆகிவிட்டால், முந்திய திகதியையே உண்மையாக வைத்துக்கொண்டு எண்ணுங்கள். விமானத்தில் ஏறுவதற்குத் தந்த அட்டையையும் வீசாமல் கடவுச்சீட்டுக்குள் வையுங்கள்.

புறப்படுவதற்கு முன்பே பிழை விடுகிற இடமும் ஒன்று உண்டு. ஈடிஏ விண்ணப்பத்தில் வருகிற உத்தேசத் திகதியைக் கேட்பார்கள். லண்டனில் ஏறுகிற 23ஐப் போட்டுவிடாதீர்கள், இலங்கையில் கால் வைக்கிற 24ஐப் போடுங்கள். டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்று இருக்கும், கனடாவிலிருந்து வருகிறவர்களுக்குச் சில வேளை +2. அதைப் பார்க்காமல் 12.25 என்பதை மட்டும் பார்த்து, விமான நிலையத்துக்குக் கூப்பிட வருகிறவரை ஒரு நாள் முன்னதாக அனுப்பி வைத்த கதை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும்.

திரும்பும்போது நள்ளிரவு உங்களுக்கு எதிராக நிற்கும். நம் லண்டன்காரர் ஓகஸ்ட் 22 காலை தீர்த்தம் பார்த்துவிட்டு, மத்தியானம் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு, அன்றிரவு விமானம் ஏறலாம் என்று நினைக்கிறார். அந்த விமானம் இரவு 1.15க்கு. அதாவது ஓகஸ்ட் 23, அவருடைய 31ஆவது நாள். '12க்கு முன்னம் குடியகல்வு தாண்டிவிடுவேன், 22 என்றுதான் குத்துவார்கள்' என்று அவர் சொல்லலாம். சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் செக்-இன் கவுண்டர் திறப்பது பொதுவாகப் புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னால், அதாவது 10.15 அளவில். பெட்டி கொடுத்து, குடியகல்வு வரிசைக்கு வர 11 ஆகும். 1.15க்குப் பதில் விமானம் 2.45க்கு என்றால் கவுண்டர் திறக்கவே 11.45 ஆகிவிடும், பிறகு 12க்கு முன் எங்கே தாண்டுவது? யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஏழெட்டு மணி நேரப் பாதை வேறு. புத்தளம் வீதியில் ஒரு டயர் காற்றுப் போனால் கணக்கு முடிந்தது. போதாக்குறைக்கு, லண்டனில் ஏறும்போதே விமான நிறுவன ஊழியர் உங்கள் திரும்பும் டிக்கெட்டில் 23ஐப் பார்த்து, 30 நாள் தாண்டுகிறதே என்று கேட்க இடமுண்டு. அந்த நேரத்தில் கவுண்டரில் நின்று நள்ளிரவுத் தத்துவம் விளக்க வேண்டாம்.

நான் இந்த இடத்தில் செய்வது, வருகையை ஒரு நாள் தள்ளுவது. ஜூலை 25 அதிகாலை 12.25க்கு இறங்கினால் முப்பதாவது நாள் ஓகஸ்ட் 23. கொடியேற்றத்துக்கு முன் நான்கு நாள் கையில் இருக்கும், தீர்த்தம் முடிந்து அன்றிரவே 1.15 விமானம் பிடித்தாலும் அது 30ஆவது நாளுக்குள்தான். அதற்கும் மேல் நிற்க வேண்டும் என்றால், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் நீடிப்புக் கேளுங்கள். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், தலைமையலுவலகம் பத்தரமுல்லையில். கெடு முடிய ஒரு கிழமையாவது இருக்கும்போதே கேட்டுவிடுங்கள், கடைசி நாள் சனி, ஞாயிறு, போயாவில் விழுந்தால் தொலைபேசியை எடுக்கக்கூட ஆள் இருக்காது. நீடிப்புக் கிடைத்ததும் புதிய கடைசித் திகதியை வாசித்து நாட்காட்டியில் குறியுங்கள். முன்பு செய்த கூட்டலை அன்றே மறந்துவிடலாம்.