கீவேர்ட் திணித்த பக்கத்தைச் சீர்செய்வது எப்படி? லேப்டாப் ஸ்கிரீன் பக்கம் ஒன்றை வைத்து ஒரு செய்முறை

முதலில் பக்கத்தைப் பார்த்துவிடுவோம். லேப்டாப் பழுது பார்க்கும் ஒரு கடையின் இணையதளத்தில் இப்படி ஒரு பத்தி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

> சிறந்த லேப்டாப் ஸ்கிரீன் மாற்றுதல் சேவை தேடுகிறீர்களா? எங்கள் லேப்டாப் ஸ்கிரீன் மாற்றுதல் மையத்தில் குறைந்த விலையில் லேப்டாப் ஸ்கிரீன் மாற்றுதல் செய்து தரப்படும். லேப்டாப் ஸ்கிரீன் மாற்றுதல் விலை, லேப்டாப் டிஸ்ப்ளே மாற்றுதல், லேப்டாப் ஸ்கிரீன் ரிப்பேர், லேப்டாப் ஸ்கிரீனை மாற்ற என எதுவானாலும் எங்கள் அனுபவமிக்க லேப்டாப் ஸ்கிரீன் மாற்றுதல் நிபுணர்களை அணுகவும்.

ஒரே தொடர் ஐந்து முறை வருகிறது. "லேப்டாப்" மட்டும் எட்டு முறை. இதை யாரும் முழுதாகப் படிக்க மாட்டார்கள். கூகுளின் ஸ்பேம் கொள்கையிலும் இதற்குத் தனிப் பெயர் உண்டு: கீவேர்ட் ஸ்டஃபிங், அதாவது தேடுசொற்களைத் திணிப்பது. அதே நேரம், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தால் இப்போது கிடைக்கும் கொஞ்ச வருகையும் போய்விடலாம். அதனால் வரிசையாகப் போவோம்.

1. கை வைப்பதற்கு முன்

பழைய பக்கத்தின் முழு நகலை எடுத்து வையுங்கள். பிறகு எந்தத் தேடல்களில் பக்கம் வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் Performance அறிக்கையைத் திறந்து, Pages தாவலில் இந்தப் பக்கத்தின் முகவரியைச் சொடுக்கிவிட்டு, Queries தாவலுக்குப் போங்கள். காலத்தை 3 மாதம் என்று வைத்து, பட்டியலை ஏற்றுமதி செய்யுங்கள்.

பக்கத்தில் திணித்த தொடர்களில் எவை இந்தப் பட்டியலில் இருக்கின்றன, எவை இல்லை என்று பாருங்கள். "மாற்றுதல்" என்று முடியும் தொடர்கள் பெரும்பாலும் கீவேர்ட் கருவியிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியவை. தேடுகிற ஆள் "லேப்டாப் ஸ்கிரீன் மாற்ற எவ்வளவு ஆகும்" என்றுதான் கேட்பார். உங்கள் பட்டியலில் அப்படிப்பட்ட வரிகள் இருந்தால், அவைதான் புதிய பத்திக்கு மூலப்பொருள். மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமை கருதி கூகுள் காட்டாது. ஆகவே பட்டியலில் இல்லாத ஒரு சொல்லை யாருமே தேடவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதை ஐந்து முறை எழுத அது காரணமும் ஆகாது.

2. எத்தனை முறை வருகிறது? இங்கேதான் எண்ணிக்கை தப்பும்

Ctrl+F போட்டு "ஸ்கிரீன்" என்று தேடினால், மேலே உள்ள பத்தியில் ஆறு கிடைக்கும். உண்மையில் ஏழு. "ஸ்கிரீனை" விடுபட்டுவிட்டது. தேடுபெட்டியில் நீங்கள் கொடுத்தது புள்ளி வைத்த ன். உருபு ஏறியதும் புள்ளி போய் னை ஆகிவிடுகிறது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு. மெய்யெழுத்தில் முடியும் எந்தச் சொல்லுக்கும் இதே கதைதான்: சர்வீஸ், சர்வீஸை, பேனல், பேனலில், கேபிள், கேபிளுக்கு.

வழி எளிது. கடைசி எழுத்தை விட்டுவிட்டுத் தேடுங்கள். "ஸ்கிரீ", "சர்வீ", "பேன" என்று கொடுத்தால் உருபு ஏறியவையும் சேர்ந்து சிக்கும். "ஸ்க்ரீன்" என்றும் "திரை" என்றும் சிலர் எழுதியிருப்பார்கள். அவற்றையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

பத்தியோடு நின்றுவிடாதீர்கள். திணிப்பு அதிகம் ஒளிந்திருப்பது படங்களின் alt வரியிலும், பக்கத்தின் அடியில் உள்ள சிறிய எழுத்துப் பட்டியலிலும்தான். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக எழுதி வைத்ததும் உண்டு. மூலநிரலைத் திறந்து (Ctrl+U) அங்கேயும் ஒருமுறை தேடிவிடுங்கள். `meta name="keywords"` என்ற வரி கண்ணில் பட்டால் யோசிக்காமல் நீக்கலாம். அதை இணையத் தேடலின் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு பிடிவாதம்: கீவேர்ட் அடர்த்தியைச் சதவீதமாகக் காட்டி, பச்சை விளக்கு எரியவிடும் ப்ளக்இன்களை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். இத்தனை சதவீதம் இருந்தால் நல்லது என்று கூகுள் எங்கும் வரையறுக்கவில்லை. போதாக்குறைக்கு, தமிழ் உருபுகளைப் பிரித்தறியாத கருவி "ஸ்கிரீனை" என்பதை எண்ணாமல் விட்டு, இன்னும் சேர் இன்னும் சேர் என்று சொல்லும். சாதாரண Ctrl+F போதும்.

3. தொடர் எங்கே நிற்க வேண்டும்?

நான்கு இடம் போதும்: title, முதன்மைத் தலைப்பு (h1), முதல் பத்தியில் ஒருமுறை, தளத்தின் வேறு பக்கங்களிலிருந்து இங்கே வரும் இணைப்பின் எழுத்து. நான்கிலும் அச்சு அசலாக ஒரே வடிவம் இருக்க வேண்டியதில்லை. மற்ற இடங்களில் சொல் தானாக வந்தால் வரட்டும், வராவிட்டால் தேடிப் போய் வைக்க வேண்டாம்.

4. பத்தியைத் திருப்பி எழுதுதல்

மேலே உள்ள பத்தியிலிருந்து கீவேர்டை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? "சிறந்த", "குறைந்த விலையில்", "அனுபவமிக்க", "அணுகவும்". அவ்வளவுதான். வெறுமனே "இது", "அது" என்று பதிலீடு செய்து வாக்கியத்தைச் சரிசெய்தால் பத்தி படிக்க நன்றாக இருக்கும், சொல்ல ஒன்றும் இருக்காது. கூகுளுக்கும் அந்தப் பக்கம் பத்தோடு பதினொன்றாகத்தான் தெரியும்.

ஆகவே எழுத உட்காரும் முன் வேலை தெரிந்தவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வாடிக்கையாளர் முதலில் என்ன சொல்லிக்கொண்டு வருகிறார்? நீங்கள் முதலில் எதைச் சோதிப்பீர்கள்? விலை எதனால் கூடுகிறது, குறைகிறது? பதில்களை வைத்து எழுதினால் பத்தி இப்படி வரும்:

> லேப்டாப் ஸ்கிரீன் விரிசல் விட்டாலோ, கோடு கோடாகத் தெரிந்தாலோ மாற்றித் தருகிறோம். அதற்கு முன் வெளி மானிட்டர் ஒன்றை இணைத்துப் பார்ப்போம். அதில் படம் சரியாக வந்தால் கோளாறு பெரும்பாலும் பேனலிலோ அதற்குப் போகும் கேபிளிலோதான். அங்கேயும் கோடு விழுந்தால் டிஸ்ப்ளேவை மாற்றிப் பயனில்லை. மதர்போர்டைப் பார்க்க வேண்டும். புதிய பேனல் பொருந்த அளவு, ரெசல்யூஷன், கனெக்டர் 30 பின்னா 40 பின்னா என்பது, டச் உண்டா இல்லையா என்பது எல்லாம் ஒத்துப்போக வேண்டும். விலை மாறுவதும் இவற்றால்தான். லேப்டாப்பின் மாடல் எண்ணை அனுப்பினால் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

எண்ணிப் பாருங்கள். முழுத் தொடர் ஒருமுறைகூட இல்லை. "லேப்டாப்" இரண்டு, "ஸ்கிரீன்" ஒன்று, "டிஸ்ப்ளே" ஒன்று. ஆனால் விரிசல், கோடு, பேனல், 40 பின், டச், எவ்வளவு ஆகும் என்று பழைய பத்தியில் இல்லாத சொற்கள் உள்ளே வந்துவிட்டன. "லேப்டாப்பில் கோடு தெரிகிறது" என்று தேடுகிறவருக்குப் பழைய பக்கத்தில் பொருந்த எதுவுமே இல்லை; புதியதில் இருக்கிறது. தேடலுக்கு உதவுவது இந்தச் சொற்கள்தான்.

வாக்கிய அமைப்பிலும் ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் எழுவாயையும் செயப்படுபொருளையும் விட்டுவிட்டே பேசலாம். "மாற்றித் தருகிறோம்" என்றால் எதை என்று முன்பாதியே சொல்லிவிட்டது. திணித்த பத்தியில் ஒவ்வொரு வாக்கியமும் பெயரை மறுபடி மறுபடி அழைப்பதால்தான் காது உடனே கண்டுபிடித்துவிடுகிறது. "மாற்றுதல் செய்து தரப்படும்" போன்றவற்றை வினையாக உடையுங்கள். பாதித் திணிப்பு அதிலேயே கரைந்துவிடும். சரியாக வந்ததா என்று பார்க்க, பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். ஒரு சொல்லை அடுத்தடுத்த வாக்கியங்களில் உச்சரிக்கும்போது நாக்கு தயங்கினால் இரண்டாவதை எடுத்துவிடலாம்.

5. title, description, alt

```html
<!-- பழையது -->
<title>லேப்டாப் ஸ்கிரீன் மாற்றுதல் | ஸ்கிரீன் மாற்றுதல் விலை | டிஸ்ப்ளே மாற்றுதல்</title>
<img src="p1.jpg" alt="லேப்டாப் ஸ்கிரீன் மாற்றுதல் சிறந்த சேவை">

<!-- புதியது -->
<title>லேப்டாப் ஸ்கிரீன் மாற்ற எவ்வளவு ஆகும்?</title>
<img src="p1.jpg" alt="பேனலின் பின்புறம் 30 பின் கனெக்டர்">
```

ஒரே சொல்லை அடுக்கிய title-ஐக் கூகுள் தன் விருப்பத்துக்கு மாற்றிக் காட்டிவிடலாம். நீளத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் "60 எழுத்து" கணக்கு இங்கே உதவாது. முடிவுகள் பக்கத்தில் title வெட்டுப்படுவது அகலத்தைப் பொறுத்து. தமிழ் எழுத்துகள் அகலமானவை. முக்கியமானதை முன்னால் வையுங்கள், வெட்டினாலும் பொருள் நிற்கும். description தரவரிசையை மாற்றாது. சொடுக்க வைப்பதற்கு மட்டும்தான். புதிய பத்தியின் சோதனை வரியைச் சுருக்கி அங்கே போடலாம். alt வரியில் படத்தில் இருப்பதைச் சொல்லுங்கள், போதும்.

6. வெளியிட்ட பிறகு

பக்கத்தின் முகவரியை மாற்றாதீர்கள். `/laptop-screen-replacement-best-low-price` என்று அசிங்கமாக இருந்தாலும் இருக்கட்டும். எழுத்தையும் முகவரியையும் ஒன்றாக மாற்றினால், பிறகு ஏற்ற இறக்கம் எதனால் என்று பிரித்தறிய முடியாது. சர்ச் கன்சோலில் முகவரியைக் கொடுத்து Request indexing அழுத்துங்கள். மாற்றிய தேதியைக் குறித்து வையுங்கள்.

முதல் சில நாட்கள் இடம் மேலும் கீழும் ஆடும். அதைப் பார்த்துப் பழைய நகலுக்கு ஓடாதீர்கள். 28 நாள் கழித்து Compare வசதியில் முந்தைய 28 நாளோடு ஒப்பிடுங்கள். சராசரி இடத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். புதிய தேடல்களில் பக்கம் 40ஆவது இடத்தில் தலைகாட்டத் தொடங்கினால் சராசரி மோசமாகத் தெரியும், கிளிக் கூடியிருக்கும்.

பின்சேர்க்கை (பின்னூட்டங்களில் வந்தவை)

"கடைசி எழுத்தை விட்டுத் தேடியும் எண்ணிக்கை குறைகிறதே?" கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் எழுத்து உள்ளே வேறாக இருக்கலாம். "கௌ" என்பதை ஒற்றைக் குறியாக எழுதாமல் "கெ" போட்டுப் பக்கத்தில் "ள" தட்டியிருப்பார்கள். ஸ்ரீ என்பதற்கும் இரண்டு விதமான குறியீடு உண்டு. சந்தேகமான சொல்லைப் பக்கத்திலிருந்தே நகலெடுத்துத் தேடுபெட்டியில் ஒட்டிப் பாருங்கள். தேடுபவர் தட்டும் எழுத்தோடும் அது ஒத்துப்போகாது என்பதால், கண்ட இடத்திலேயே திருத்திவிடுங்கள்.

"முன்பு வந்த ஒரு தேடல் மட்டும் அடியோடு நின்றுவிட்டது." முதல் படியில் ஏற்றுமதி செய்த பட்டியலை எடுத்து, அந்தத் தேடலில் உள்ள ஒவ்வொரு சொல்லும் புதிய பக்கத்தில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். "ரிப்பேர்" என்று தேடியவர்கள் நின்றுபோயிருந்தால், மேலே உள்ள புதிய பத்தியில் அந்தச் சொல்லே இல்லை என்பது தெரியும். "கேபிள் மட்டும் கழன்றிருந்தால் ரிப்பேரோடு முடிந்துவிடும், பேனல் மாற்ற வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்தால் சொல்லும் திரும்பிவிடும், வாடிக்கையாளருக்கு ஒரு தகவலும் கிடைக்கும். எல்லாச் சொல்லும் இருந்தும் வரவில்லை என்றால், அந்தத் தேடலை நீங்களே தட்டிப் பாருங்கள். வேறொரு தளம் மேலான பக்கத்தை வைத்து முந்தியிருக்கலாம், அதைக் கீவேர்ட் சேர்த்துச் சரிசெய்ய முடியாது.